நிலை நிரலுக்கு எந்த இன்டெக்ஸ்? ஒரு நெல் கொள்வனவு அட்டவணை சொன்ன பாடம்

பெரும்போக அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு பெப்ரவரிக் காலை. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணன், நான்கு கொள்வனவு நிலையங்களிலும் திரை அசையாமல் நிற்கிறது. நெல்லோடு வந்த லொறிகள் வீதி வரை வரிசையில் நிற்கின்றன" என்றார். சர்வர் ஓய்வாகத்தான் இருந்தது. வட்டும் ஓய்வாகத்தான் இருந்தது. ஆனால் எந்த எழுதுவினைஞராலும் ஒரு பற்றுச்சீட்டை முடிக்க முடியவில்லை.

"நேற்று ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டேன். "அறிக்கை அட்டவணையில் நீங்கள் போட்ட அதே இன்டெக்ஸைத்தான் நேரடி அட்டவணையிலும் போட்டேன். அங்கே அவ்வளவு வேகம் கொடுத்ததே" என்றார்.

தரவுத்தளத்தில் வேலை செய்யும் பலரிடம் ஒரு பாதி உண்மை பரவியிருக்கிறது: ஒரு நிரலில் நாலைந்து மதிப்புகள்தான் உண்டென்றால் பிட்மேப் இன்டெக்ஸ் போடு. அந்த அறிவுரையின் மறுபாதி தெரியாமல் போனதால்தான் அன்று லொறிகள் நின்றன.

முதலில் அறிக்கை அட்டவணையில் நடந்ததைச் சொல்கிறேன். அது ஒராக்கிள் தரவுத்தளம். பல போகங்களின் பற்றுச்சீட்டுகள், ஏறத்தாழ 80 இலட்சம் நிரைகள். இரவில் ஒருமுறை மட்டும் தரவு ஏறும். பகலில் யாரும் அதில் எழுதுவதில்லை. நிலை என்ற நிரலில் ஐந்தே மதிப்புகள்: காத்திருப்பு, நிறுத்திவைப்பு, தீர்த்தது, திருப்பியது, ரத்து. இவற்றில் தீர்த்தது மட்டும் 94 சதவீதம். ஈரப்பதன் கூடியதால் திருப்பி அனுப்பியது 2 சதவீதம்.

முகாமையாளர் கேட்ட கேள்வி இது: சிறுபோகத்தில், கீரிச்சம்பாவில், ஒரு குறிப்பிட்ட பிரதேச செயலாளர் பிரிவிலிருந்து வந்து, திருப்பி அனுப்பப்பட்ட நெல் எவ்வளவு? நிலை நிரலில் ஏற்கெனவே ஒரு பி-ட்ரீ இன்டெக்ஸ் இருந்தது, அதாவது மதிப்புகளையும் நிரைகளின் முகவரிகளையும் வரிசைப்படுத்தி வைக்கும் வழக்கமான இன்டெக்ஸ். ஒராக்கிள் அதைத் தொடவே இல்லை; அட்டவணை முழுவதையும் வாசித்தது. தம்பி அதைக் கோளாறு என்று நினைத்தார். கணக்குப் போட்டால் ஒராக்கிள் செய்ததே சரி.

வட்டிலிருந்து வாசிக்கும் அலகான ஒரு பிளொக்கில் 80 நிரைகள் என்று வைத்தால் அட்டவணை 1,00,000 பிளொக்குகள். திருப்பிய 2 சதவீதம் என்பது 1,60,000 நிரைகள். அவை எங்கும் பரவிக் கிடந்தால், ஒரு பிளொக்கில் அப்படிப்பட்ட நிரை ஒன்றுகூட இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.98-ஐ 80 முறை தன்னோடு பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 0.2. ஆகவே ஐந்தில் நான்கு பிளொக்குகளை எப்படியும் திறக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய். அதைவிட முழு அட்டவணையையும் பெரிய துண்டுகளாக வரிசையில் வாசிப்பது மலிவு. 2 சதவீதம் என்பது கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. பி-ட்ரீக்கு அது சிறிதே அல்ல.

பிட்மேப் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நீண்ட பிட் வரிசை. நிரைக்கு ஒரு பிட். அந்த மதிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 80 இலட்சம் பிட் என்பது சுருக்குவதற்கு முன்பே 1 எம்பிதான். ஐந்து மதிப்புகளுக்கும் சேர்த்து 5 எம்பி. அதே நிரலின் பி-ட்ரீ ஒவ்வொரு நிரைக்கும் மதிப்பையும் முகவரியையும் வைத்திருப்பதால் 160 எம்பி அளவுக்குப் போகும்.

ஆனால் அளவு இதில் இரண்டாம்பட்சம். நிலை, போகம், நெல் வகை, பிரிவு ஆகிய நான்கிலும் பிட்மேப் போட்டோம்.

```sql
CREATE BITMAP INDEX bx_status
  ON purchase_rep (status);
```

இப்போது ஒராக்கிள் நான்கு பிட் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி, நான்கிலும் 1 உள்ள இடங்களை மட்டும் எடுக்கிறது. சிறுபோகம் 40 சதவீதம், கீரிச்சம்பா 10 சதவீதம், அந்தப் பிரிவு 5 சதவீதம் என்றால், 1,60,000 என்பது ஏறத்தாழ 320 நிரைகளாகச் சுருங்குகிறது. திறக்க வேண்டியது அதிகபட்சம் 320 பிளொக்குகள். தனியே நின்றால் எந்த நிரலுக்கும் வலு இல்லை. பல நிரல்கள் சேரும்போதுதான் பிட்மேப் வெல்கிறது. எத்தனை நிரைகள் என்று மட்டும் கேட்டால் அட்டவணையைத் திறக்கவே தேவையில்லை. பிட்டுகளை எண்ணினால் போதும்.

ஒற்றை நிலை நிரலில் மட்டும் பிட்மேப் போட்டு "தீர்த்தது" என்று தேடினால் ஒரு பயனும் கிடைக்காது. 94 சதவீத நிரைகளையும் எடுத்துத்தர எந்த இன்டெக்ஸாலும் குறுக்குவழி காட்ட முடியாது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். பி-ட்ரீயில் ஒரு பதிவு ஒரு நிரையைத்தான் காட்டும். பிட்மேப்பில் ஒரு பதிவு, தொடக்க முகவரி முதல் முடிவு முகவரி வரை ஆயிரக்கணக்கான நிரைகளை ஒன்றாக மூடி நிற்கும். ஒரு சீட்டைக் காத்திருப்பிலிருந்து தீர்த்ததாக மாற்றினால் இரண்டு பதிவுகள் மாறும்; கமிட் ஆகும்வரை இரண்டும் பூட்டியிருக்கும். வாழைச்சேனை நிலையத்தில் ஒருவர் ஒரு சீட்டை மாற்றினால், அக்கரைப்பற்றில் இன்னொருவர் வேறொரு சீட்டை மாற்ற முடியாமல் காத்திருப்பார். இருவரும் ஒரே நிரையைத் தொடவில்லை. ஒரே பிட்மேப் பதிவைத் தொட்டார்கள். அந்த மென்பொருள் சீட்டை அச்சிட்டு முடித்த பிறகே கமிட் செய்ததால் ஒவ்வொரு பூட்டும் பல விநாடிகள் நீடித்தது. புதிய சீட்டுகளும் காத்திருப்பு என்ற ஒரே மதிப்போடு நுழைவதால் அவையும் அதே இடத்தில் முட்டின.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. காத்திருக்கும் அமர்வுகளில் `enq: TX - row lock contention` என்று வரும். ஒரே நிரைக்காக இருவர் மோதினாலும் இதே பெயர்தான் வரும் என்பதால் பலர் இங்கே ஏமாந்து, மென்பொருளைக் குறை சொல்லிவிடுகிறார்கள். `v$lock`-இல் கோரப்பட்ட பூட்டைக் காட்டும் `REQUEST` நிரலைப் பாருங்கள். ஒரே நிரைக்கான மோதலில் அது 6. பிட்மேப் மோதலில் அது 4. தனித்துவ விசை மோதலிலும் 4 வரலாம். ஆனால் அட்டவணையில் பிட்மேப் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். ஒருவர் இரண்டு சீட்டுகளை ஒரு வரிசையிலும் மற்றவர் எதிர் வரிசையிலும் மாற்றினால் `ORA-00060` என்ற டெட்லொக் பிழையும் வரும். அன்று அதுவும் மூன்று முறை வந்திருந்தது.

நேரடி அட்டவணையிலிருந்து பிட்மேப்பை நீக்கினோம், வரிசை நகர்ந்தது. ஆனால் அங்கேயும் ஒரு நியாயமான தேவை இருந்தது: காத்திருக்கும் சீட்டுகளை உடனே காட்ட வேண்டும். எந்த நேரத்திலும் அவை சில ஆயிரத்துக்கு மேல் இருக்காது. அரிதான மதிப்பைத் தேட பி-ட்ரீயே போதும், அதுவும் அந்த மதிப்பை மட்டும் வைத்திருக்கும் சிறிய பி-ட்ரீ. விசை முழுவதும் NULL ஆக உள்ள பதிவை ஒராக்கிளின் பி-ட்ரீ சேமிப்பதில்லை. மற்ற நிலைகளுக்குக் கீழேயுள்ள `CASE` NULL தருவதால் இப்படி எழுதலாம்:

```sql
CREATE INDEX ix_pending ON purchase
  (CASE WHEN status = 'PENDING' THEN 'P' END);
```

தேடும் வினவலிலும் அதே `CASE` தொடரை எழுதி `= 'P'` என்று ஒப்பிட வேண்டும். வெறுமனே `status = 'PENDING'` என்று எழுதினால் இந்த இன்டெக்ஸ் பயன்படாது.

அறிக்கை அட்டவணையின் பிட்மேப்புகளை அப்படியே விட்டோம். இரவில் தரவு ஏறும் முன் அவற்றை `UNUSABLE` ஆக்கி, ஏறியபின் `REBUILD` செய்கிறோம். நிரை நிரையாக ஏற்றும்போது அவற்றை உயிரோடு வைத்திருந்தால் ஏற்றம் மெதுவாகும், இன்டெக்ஸும் வீங்கும்.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். அதன் வினவல் திட்டத்தில் `Bitmap Heap Scan` என்று வருவதைப் பார்த்து உங்களிடம் பிட்மேப் இன்டெக்ஸ் இருப்பதாக எண்ண வேண்டாம். அது பி-ட்ரீ போன்ற இன்டெக்ஸ்களிலிருந்து வினவல் நடக்கும்போது நினைவகத்தில் கட்டி, முடிந்ததும் கலைத்துவிடும் பிட்மேப். வட்டில் எதுவும் இல்லாததால் மேலே சொன்ன பூட்டுத் தொல்லையும் அங்கே இல்லை. அரிதான மதிப்புக்கு `CREATE INDEX ... WHERE status = 'PENDING'` என்று நேரடியாகவே எழுதலாம். அங்கே வினவலை மாற்ற வேண்டியதும் இல்லை.