லொம்பார்ட் விளைவு: இரைச்சலில் குரலெடுப்பது

மாவு மில்லில் நின்று பேசியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மிளகாய் அரைபடுகிறது, பெல்ட் ஓடுகிறது, நானும் அத்தையும் ஏதோ கல்யாண விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம். திடீரென்று கரண்ட் போகிறது. மெஷின் நின்ற அந்த நொடியில் அத்தை சொல்லிக்கொண்டிருந்த "மாப்பிள்ளை வீட்டுல" என்ற சொல் மில் முழுக்கக் கேட்கிறது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அத்தை கத்தவில்லை. கத்த வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. அடுத்த சொல்லே வழக்கமான குரலுக்கு இறங்கிவிட்டது.

சுற்றி இரைச்சல் கூடும்போது பேசுபவரின் குரல் இப்படித் தானாக மாறுவதற்குப் பெயர்தான் லொம்பார்ட் விளைவு. அது என்ன, அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் எது என்று பார்ப்போம்.

இந்தப் பெயர் வந்தது எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமிருந்து. பிரெஞ்சில் கடைசி 'ட்' ஒலிக்காது, 'லொம்பார்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாக வந்ததால் நம்மிடம் 'லொம்பார்ட்' என்று நிலைத்துவிட்டது. இத்தாலியில் லொம்பார்டி என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பகுதிக்கும் இந்த விளைவுக்கும் தொடர்பு இல்லை. லொம்பார்ட் பாரிசில் வேலை பார்த்தவர். 1911-ல் ஒரு மருத்துவ இதழில் தன் கட்டுரையை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் 'குரல் உயர்வின் அறிகுறி' என்று சொல்லலாம். அவர் 'விளைவு' என்று எழுதவில்லை, 'அறிகுறி' என்று எழுதினார். அதற்குக் காரணம் இருந்தது. பேச்சை ஆராய்வது அவர் நோக்கமல்ல. காது கேட்காததுபோல நடிப்பவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. இயற்பியல்காரர்களும் பேச்சொலி ஆய்வாளர்களும் பின்னால் கையில் எடுத்தபோதுதான் அது 'விளைவு' ஆயிற்று. 'அனிச்சை' என்று சொன்னவர்களும் உண்டு.

அவருடைய சோதனையை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். இந்தச் சொல்லின் பொருள் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒருவர் வருகிறார், "எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது" என்கிறார். இழப்பீடு கிடைக்க வேண்டும் என்றோ, ஒரு வேலையிலிருந்து விடுபட வேண்டும் என்றோ அவருக்கு அப்படிச் சொல்லத் தேவை இருக்கலாம். மருத்துவர் அவரை ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். வாசிப்பு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, நல்ல காது என்று அவரே ஒப்புக்கொண்ட இடது காதில் ஒரு சிறு கருவியை வைத்து இரைச்சலை ஓட விடுகிறார். வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாரனி செய்த, சாவி கொடுத்து ஓட்டும் இரைச்சல் பெட்டி அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது.

வலது காது உண்மையாகவே கேட்காதவர் என்றால், இடது காதும் இரைச்சலில் மூழ்கிய பிறகு தன் குரலைக் கேட்க அவருக்கு வழி இல்லை. குரல் சட்டென்று ஏறுகிறது, கிட்டத்தட்டக் கூவுவதுபோல ஆகிவிடுகிறது. பெட்டியை நிறுத்தினால் உடனே இறங்குகிறது. கேட்டுப் பார்த்தால், குரல் ஏறியதே தனக்குத் தெரியாது என்பார். வலது காது நன்றாகக் கேட்கிற ஆள் நடிக்கிறார் என்றால், அந்தக் காது அவருடைய குரலை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குரல் பெரிதாக ஏறாது. வாசிப்பு அமைதியாகத் தொடரும், அந்த அமைதியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இதையே திருப்பியும் செய்யலாம். 'கேட்காத' காதில் இரைச்சல் விட்டுக் குரல் ஏறினால் அந்தக் காது கேட்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. ஒரு காதில் விட்ட பலத்த இரைச்சல் மண்டையெலும்பு வழியாக அடுத்த காதுக்குப் போய்ச் சேரும். பாதி கேட்கும், பாதி கேட்காது என்ற நிலையில் முடிவு தெளிவாக வராது. குரல் ஏறும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் அளந்து சொல்லக்கூடிய வேறு சோதனைகள் பின்னால் வந்தன. ஆனால் அவர் கண்டுகொண்ட உண்மை அப்படியே நிற்கிறது: நாம் பேசும்போது நம் காது நம் குரலையும் கேட்டுக்கொண்டிருக்கிறது, அது குறைவாகக் கேட்டால் தொண்டை நம்மைக் கேட்காமலேயே ஈடு செய்கிறது.

இதை மனதால் தடுத்துக்கொள்ள முடியுமா? 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், இரைச்சல் வந்தாலும் குரலை ஏற்றாதீர்கள் என்று சொல்லிப் பேச வைத்தார்கள். சொன்னது மட்டும் போதவில்லை, குரல் ஏறியது. குரலின் அளவைக் கண்ணுக்கு எதிரே காட்டியபோதுதான் அவர்களால் அடக்க முடிந்தது. அதாவது முழு அனிச்சை என்று சொல்ல முடியாது, முழுக்க நம் கைவசம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. தனியாக வாசிப்பதைவிட, எதிரில் ஒருவருக்குப் புரிய வைக்கப் பேசும்போது இந்த ஏற்றம் அதிகமாக இருக்கிறது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

சரி, மாறுவது என்ன? சத்தம் கூடுகிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பள்ளி இயற்பியலில் நாம் படித்த சொற்களிலேயே பேசலாம்: உரப்பு, சுருதி. இவற்றோடு நம் இலக்கணச் சொல்லான மாத்திரையையும் சேர்த்துக்கொள்வோம்.

உரப்பில் தொடங்குவோம். இரைச்சல் ஏறும் அளவுக்கு நம் குரல் ஏறுவதில்லை. சுமாராகப் பாதி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அறையின் இரைச்சல் 50 டெசிபலிலிருந்து 70-க்குப் போனால், அதாவது 20 டெசிபல் கூடினால், பேச்சு 10 டெசிபல் அளவுக்குத்தான் கூடும். கணக்குப் போட்டால் நமக்கு 10 டெசிபல் நட்டம். உரப்பை மட்டும் நம்பியிருந்தால் இரைச்சலில் பேச்சு முன்பைவிடப் புரியாமல்தான் போக வேண்டும். ஆனாலும் மில்லில் கல்யாணமே பேசி முடிக்கிறோம். அந்த நட்டத்தில் ஒரு பங்கை மற்ற மாற்றங்கள் ஈடு கட்டுகின்றன.

சுருதி உயர்கிறது. நுரையீரலிலிருந்து காற்று அதிக அழுத்தத்தோடு வருகிறது, குரல் நாண்கள் இறுகி வேகமாக அதிர்கின்றன. 120 ஹெர்ட்சில் பேசுகிற ஆண் குரல் 140, 150 என்று போகலாம். இதைவிட முக்கியமானது இன்னொன்று. நாண்கள் ஒவ்வொரு அதிர்விலும் சட்டென்று மூடிக்கொள்வதால் குரலின் ஆற்றல் கீழ்ச் சுருதியில் தேங்காமல் மேல் அதிர்வெண்களுக்குப் பரவுகிறது. குரல் கணீரென்று ஆகிறது. மெஷின் இரைச்சல் பெரும்பாலும் கனத்த, கீழான ஒலி. அதற்கு மேலே எழும்பி நிற்கிற குரல் காதுக்குத் தட்டுப்படுகிறது. வாய் அகலமாகத் திறப்பதால் உயிரெழுத்துகளின் ஒலிச்சாயலும் சற்று மாறுகிறது.

அப்புறம் மாத்திரை. சொல்லுக்கு எடுக்கும் நேரம் கூடுகிறது. இந்தக் கூடுதல் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி போவதில்லை, உயிரொலிதான் அதிகம் நீள்கிறது, மெய் அவ்வளவு நீள்வதில்லை. வல்லின மெய்யைப் பிடித்து இழுக்க முடியாது, உயிரை இழுக்கலாம். அத்தையின் "மாப்பிள்ளை" கரண்ட் போனபோது "மாஆப்பிள்ளை" என்று காதில் விழுந்ததற்கு இதுவும் காரணம்.

இந்த மாற்றங்களால் கேட்பவருக்கு உண்மையாகவே பயன் உண்டா? அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1988-ல் இதை நேராகவே பார்த்தார்கள். இருவரை அமைதியிலும், காதில் 80, 90, 100 டெசிபல் இரைச்சலோடும் சொற்களைச் சொல்ல வைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு பதிவுகளின் உரப்பு வேறுபாட்டை நீக்கி, இரைச்சலில் கலந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். உரப்பு சமம் ஆன பிறகும், இரைச்சலில் பேசிய பதிவுதான் நன்றாகப் புரிந்தது. குரல் ஏறுவதோடு நிற்காமல் தெளிவும் பெறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'லொம்பார்ட் விளைவு' என்பது ஆளின் பெயரைத்தான் சொல்கிறது, நடப்பதைச் சொல்வதில்லை. 'குரல் உயர்வு' என்றால் சுருதி மட்டும் உயர்வதாகத் தோன்றும். 'கத்தல்', 'கூச்சல்' இரண்டும் தவறு. அவற்றில் மனசும் கோபமும் கலந்திருக்கின்றன, இங்கே பேசுபவருக்கே தெரியாமல் நடக்கிறது. 'விளி'யும் பொருந்தாது. தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர்கள் தம் அளவைத் தாண்டி நீளும் என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்கிறது. நீட்சி அதிலும் உண்டுதான், ஆனால் அது தூரத்துக்காக, தெரிந்தே நீட்டுவது. அமைதியான வயலிலும் நடக்கும்.

நான் பரிந்துரைப்பது 'இரைச்சல்வழிக் குரலெடுப்பு'. குரலெடுத்துப் பாடினாள், குரலெடுத்து அழுதான் என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அதில் சத்தம், சுருதி, நீளம் மூன்றும் பிரியாமல் இருக்கின்றன. 'எடுப்பான குரல்' என்றால் தனியாகத் தெரிகிற, தெளிவான குரல். நன்னூலும் எழுத்தொலியின் ஏற்ற இறக்கத்தை 'எடுத்தல், படுத்தல், நலிதல்' என்றுதான் பிரிக்கிறது. உரப்பும் தெளிவும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவதால் 'எடுப்பு' என்பதை நான் 'உயர்வு', 'ஏற்றம்' இரண்டுக்கும் மேலாக வைக்கிறேன். முன்னே உள்ள 'வழி' காரணத்தைக் காட்டுகிறது: இரைச்சல் வந்தால் வருகிறது, நின்றால் போகிறது. கட்டுரைகளில் முதல் முறை எழுதும்போது பக்கத்தில் லொம்பார்ட் விளைவு என்றும் போட்டுவிட்டால் தேடுபவருக்கு வசதி.

சொல்லைப் பயன்படுத்திப் பார்ப்போம். "ஹெட்போனில் பாட்டு கேட்டபடி பேசியவரிடம் இரைச்சல்வழிக் குரலெடுப்பு தெரிந்தது." பொருந்துகிறது, அவர் காதுக்குப் பாட்டுதான் இரைச்சல். "பெர்லின் நகரத்து இராப்பாடிப் பறவைகளிலும் இரைச்சல்வழிக் குரலெடுப்பு உண்டு." இதுவும் சரி, போக்குவரத்து இரைச்சல் கூடிய இடங்களில் அவை உரத்துப் பாடுவதை 2004-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. "பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்ட மில்காரர் குரலெடுத்தார்" என்பது மட்டும் ஒத்துவராது. காதை அடைத்தால் வெளி இரைச்சல் குறைகிறது, எலும்பு வழியாக வரும் தன் குரலோ அவருக்குப் பலமாகக் கேட்கிறது. அதனால் அவர் குரல் தாழ்ந்துதான் வரும், எதிரில் நிற்பவர்தான் "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வேண்டியிருக்கும்.