காகித விமானம்: தூரம் போனது கையாலா, வடிவத்தாலா?

2012இல் காகித விமானத்தின் உலகச் சாதனை 69.14 மீட்டர். விமானத்தை வடிவமைத்தவர் ஜான் காலின்ஸ். எறிந்தவரோ அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் இடத்தில் ஆடிய ஜோ அயூப். கைக்கு அவ்வளவு பங்கு உண்டு. அறிவியல் கண்காட்சிகளில் ‘என் விமானம்தான் அதிக தூரம் போனது’ என்று வரும் அட்டவணைகள் பலவும் விமானத்தை விட்டுவிட்டு எறிந்த பிள்ளையின் கையைத்தான் அளக்கின்றன.

ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: மூக்கில் கனம் ஏற்றினால் தூரம் கூடுமா? வழக்கமாக ஜெம் கிளிப் மாட்டியும் மாட்டாமலும் எறிந்து பார்ப்பார்கள். அதில் எடையும் மாறுகிறது, எடை நிற்கும் இடமும் மாறுகிறது. எதனால் தூரம் கூடியது என்று சொல்ல முடியாது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடையே 5 கிராம்தான், சின்னக் கிளிப்கூட அதற்குப் பெரிய சுமை. அதனால் கிளிப்பைக் கழற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கூர்மூக்கு விமானம் ஒன்றை மடித்து, கீழ்மடிப்பில் மூக்கு நுனி, அங்கிருந்து 5 செ.மீ., 10 செ.மீ. என மூன்று இடங்களைக் குறியுங்கள்.

எறிவதற்குக் கை வேண்டாம். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து ரப்பர் பேண்டை மாட்டுங்கள். கீழ்மடிப்பில் சிறு வெட்டு போட்டு அதில் பேண்டைக் கோத்து, எப்போதும் ஒரே கோடு வரை இழுத்து விடுங்கள். பலகை மட்டமாக இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். எதிரே யாரும் நிற்கக் கூடாது, மூக்கு கண்ணில் படும். வழவழப்பான தரையில் விமானம் சறுக்கிப் போகும். ஆகவே முதலில் தரையைத் தொட்ட இடம் வரைதான் கணக்கு.

ஒரு இடத்துக்கு ஐந்து முறையைத் தொடர்ந்து விட்டு முடிக்காதீர்கள். விழுந்து விழுந்து மூக்கு நசுங்கும், கடைசியில் சோதிக்கும் இடத்துக்கு நஷ்டம். மூன்று இடத்துக்கும் ஒவ்வொரு முறை, பிறகு மறுபடி முதலிலிருந்து என ஐந்து சுற்று விடுங்கள்.

ஐந்து அளவுகள் 5.2, 6.1, 3.0, 5.8, 5.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5.12. ஒரே ஒரு கோணல் பறப்பு அதை இழுத்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 5.5, இதுவே நியாயமான எண். 3.0ஐ அழிக்க வேண்டாம், பக்கத்தில் ‘இடப்பக்கம் திரும்பியது’ என்று எழுதிவையுங்கள்.

பறக்கும் விதத்தையும் கவனியுங்கள். மூக்கைத் தூக்கி, வேகம் குறைந்து, பொத்தென்று விழுந்தால் கனம் பின்னால் இருக்கிறது. நேரே கீழே பாய்ந்தால் கனம் முன்னால் அதிகம். பாய்வதைச் சரிசெய்ய இறக்கையின் பின்விளிம்பை 2 மி.மீ. மேலே வளைக்கலாம்தான், ஆனால் நடுவில் ஒரு இடத்துக்கு மட்டும் வளைத்தால் அது வேறு விமானம். வளைத்தபின் மூன்று இடங்களையும் மறுபடி முதல் சுற்றிலிருந்து விட வேண்டும்.