டிவியில் மெனு போடும் கடைக்காரர்களுக்கு: ஓரம் விடுங்கள், எழுத்தை அளந்து பாருங்கள்

கும்பகோணத்தில் ஒரு மெஸ். போன வருடம் சுவரில் இருந்த பிளெக்ஸ் போர்டைக் கழற்றிவிட்டு, பில் போடும் இடத்துக்கு மேலே 43 அங்குல டிவி ஒன்றை மாட்டினார்கள். பழைய லேப்டாப் ஒன்றை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து, பவர்பாயிண்டில் மெனு ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிய இரண்டாவது வாரத்திலேயே முதலாளி எனக்குப் போன் செய்தார். "தம்பி, பார்சலுக்கு 10 ரூபாய் தனின்னு போர்டுல போட்டிருக்கோம், ஆனா தினமும் நாலு பேராவது சண்டைக்கு வர்றாங்க, நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்க" என்றார்.

போய்ப் பார்த்தால், அந்த வரி டிவியில் இல்லவே இல்லை. லேப்டாப் திரையில் கீழே அழகாக இருக்கிறது, டிவியில் காணோம். வலது பக்கம் விலைகளும் அப்படித்தான். 110 என்பதில் கடைசிச் சைபரின் இடது ஓரம் மட்டும் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. உள்ளூர்க்காரர் விலையை ஊகித்துக்கொள்வார். நவகிரகக் கோயில்களைச் சுற்றிப் பார்க்க வேனில் வந்து இறங்குகிற வெளியூர்க் குடும்பம் எப்படி ஊகிக்கும்? பில்லைப் பார்த்ததும் "போர்டுல இல்லாத காசை ஏன் வாங்குறீங்க" என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. போர்டில் இல்லைதான்.

இதற்குக் காரணம் லேப்டாப்பும் இல்லை, கேபிளும் இல்லை. பெட்டி டிவி காலத்தில் பிக்சர் டியூபின் ஓரத்தில் படம் ஒழுங்காக நிற்காது, கொஞ்சம் நெளியும், கொஞ்சம் சுருங்கும். அது வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்று படத்தையே சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்பது இதுதான். தட்டை டிவியில் அந்தத் தேவை போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை, இன்றும் நிறைய டிவிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இதை ஆன் செய்த நிலையில்தான் வருகின்றன. படம் பார்க்கும்போது ஓரத்தில் நாலு இலை குறைந்தால் யாருக்கும் தெரியாது. விலைப்பட்டியலில் ஓரம்தான் விலை.

உங்கள் டிவி எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். பவர்பாயிண்டில் கறுப்பு ஸ்லைடு ஒன்று எடுத்து மூன்று கட்டம் வரையுங்கள். ஸ்லைடின் விளிம்பை ஒட்டிச் சிவப்பு. அகலத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு, உயரத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு உள்ளே தள்ளி மஞ்சள். இரண்டிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளே தள்ளிப் பச்சை. வழக்கமான அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். ஆகவே பச்சைக் கட்டம் இரு பக்கமும் 1.7 செ.மீ., மேலும் கீழும் ஏறக்குறைய 1 செ.மீ. உள்ளே இருக்கும். மஞ்சள் அதில் பாதி. இதைக் கடையில் இருக்கும் அதே டிவியில், அதே கேபிளில், அதே சொருகு இடத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டு டிவியில் பார்த்துவிட்டு வருவதில் பிரயோசனமில்லை.

அந்த மெஸ்ஸில் போட்டபோது சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, பச்சை மட்டும் முழுதாகத் தெரிந்தது. சரி, வெட்டு இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவில் என்று புரிந்துவிட்டது. டிவியின் படம் சம்பந்தப்பட்ட செட்டிங்கில், படத்தின் அளவு என்ற இடத்தில் இதை நிறுத்த வழி இருக்கும். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: `Just Scan`, `Screen Fit`, `Full Pixel` என்று ஏதாவது ஒன்று. மாற்றியதும் சிவப்புக் கட்டம் நாலு பக்கமும் வந்து நின்றது. முதலாளிக்கு அப்போதே சந்தோஷம், "முடிஞ்சுதா தம்பி?" என்றார்.

முடியவில்லை. பல டிவிகளில் இந்த செட்டிங் அந்த ஒரு சொருகு இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும், கேபிளை அடுத்த ஓட்டையில் மாற்றிச் சொருகினால் பழையபடி வெட்டும். சில டிவிகளில் அந்த செட்டிங்கே கிடையாது. அதனால் செட்டிங்கை மாற்றினாலும், ஸ்லைடிலேயே நாலு பக்கமும் அந்தப் பச்சைக் கட்டத்துக்குள்தான் எழுத்தும் விலையும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பின்னணி நிறமோ படமோ விளிம்பு வரை போகட்டும், அது வெட்டுப்பட்டால் நஷ்டமில்லை. லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்கில் மொத்தப் படத்தையும் சுருக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சுருக்கியதை டிவி திரும்பப் பெரிதாக்கும், இரண்டு தடவை அளவு மாறியதில் தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் மங்கிப்போகும்.

அப்புறம் எழுத்தின் அளவு. எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம், ஏனென்றால் மெனுவைத் தயாரிப்பவர் லேப்டாப்பை ஒன்றரை அடி தூரத்தில் வைத்துக்கொண்டு தயாரிக்கிறார், படிக்க வேண்டியவரோ கண்ணாடியை வேனிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த பெரியவர். போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. இந்த மெஸ்ஸில் வரிசை நிற்கும் இடத்திலிருந்து டிவி 12 அடி. அப்படியானால் எழுத்து ஒன்றேகால் அங்குலம், சுமார் 3 செ.மீ. இருக்க வேண்டும். ஸ்கேலை எடுத்து டிவியில் 'ப' எழுத்தின் மேல் வைத்து அளந்தேன். 1 செ.மீ.கூட முழுதாக இல்லை.

இங்கே தமிழுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பவர்பாயிண்டில் 40 என்று போட்டால் 'ப' அந்த 40-ஐ முழுக்க எடுத்துக்கொள்ளாது. மேலே புள்ளிக்கும் 'கி', 'மி' வளைவுக்கும் இடம், கீழே 'கு', 'மு', 'டு' சுழிகளுக்கு இடம் என்று போக, எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது பெரும்பாலான ஃபான்ட்களில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே ஆங்கில மெனுவில் இருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே தமிழுக்குப் போடக்கூடாது. இந்த 43 அங்குல டிவியில் 'ப' 3 செ.மீ. வர 60 போட வேண்டியிருந்தது. ஃபான்ட் மாறினால் இந்த எண்ணும் மாறும், அதனால் எண்ணை நம்பாமல் ஸ்கேலை நம்புங்கள். வரிகளை நெருக்கவும் கூடாது. மேல் வரி 'டு'வின் வால் கீழ் வரி 'ல்' புள்ளியில் முட்டினால், 12 அடியிலிருந்து இரண்டும் சேர்ந்து வேறு ஏதோ எழுத்தாகத் தெரியும்.

இந்த அளவில் எழுதினால் ஒரு ஸ்லைடில் தலைப்பு ஒன்று, அதன் கீழ் ஆறு பொருள், அவ்வளவுதான் கொள்ளும். பழைய ஸ்லைடு ஒவ்வொன்றிலும் பதினெட்டு இருந்தது. முதலாளி முகம் வாடிவிட்டது. "இருக்கறதை எல்லாம் போட வேண்டாமா?" என்றார்.

எல்லாவற்றையும் டிவியில் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இட்லி, பொங்கல், வடை, டிகிரி காபி, இவற்றின் விலை மாதக்கணக்கில் மாறாது. அவற்றுக்குப் பழையபடி ஒரு போர்டு பக்கத்தில் அசையாமல் இருக்கட்டும், மின்சாரம் போனாலும் அது இருக்கும். நேரத்துக்கு நேரம் மாறுவதுதான் டிவிக்கு: இன்றைக்குக் கடப்பா உண்டா இல்லையா, ரவா தோசை எத்தனை மணிக்குத் தொடங்கும், அசோகா அல்வா வந்திருக்கிறதா. காலை, மதியம், மாலை என்று மூன்று ஃபைல் வைத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டே ஸ்லைடு. பார்சல் கட்டணம் இரண்டிலும் தலைப்பின் பக்கத்திலேயே, மற்ற எழுத்துக்குக் குறையாத அளவில்.

முன்னால் ஆறு ஸ்லைடு, ஒவ்வொன்றும் 6 நொடி, நடுவில் பக்கம் சுருண்டு பறக்கிற விளையாட்டு வேறு. வரிசையில் நிற்பவர் தோசைப் பட்டியலில் பாதி படிக்கும்போது ஸ்லைடு ஓடிவிடும், அது திரும்ப வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் முறை வந்துவிடும், பின்னால் நிற்பவர் முண்டுவார், அவசரத்தில் "ரெண்டு சாதா தோசை" என்று சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு நேரம் ஒரு ஸ்லைடு நிற்க வேண்டும் என்பதை முதலாளியின் அம்மாவை வைத்துத்தான் முடிவு செய்தோம். எழுபதைத் தாண்டியவர். வரிசை நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, விலையோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். முதல் ஸ்லைடு 9 நொடி, இரண்டாவது 10. கொஞ்சம் யோசிக்கவும் நேரம் வேண்டுமே என்று 14 நொடி வைத்தேன். ஒரு சுற்று 28 நொடி, காலையில் அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. இதுதான் முக்கியம், சுற்று நேரம் காத்திருக்கும் நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நொடியைக் குறைக்காதீர்கள், ஸ்லைடைக் குறையுங்கள்.

பவர்பாயிண்டில் செய்ய வேண்டியது இரண்டுதான். `Transitions` பகுதியில் `After` என்ற இடத்தில் 00:14 போட்டு, `On Mouse Click` டிக்கை எடுத்துவிடுங்கள். `Set Up Slide Show` உள்ளே போய் `Loop continuously until 'Esc'` என்பதை டிக் செய்யுங்கள். லேப்டாப் வேண்டாம், பென்டிரைவில் படமாகப் போட்டுக்கொள்கிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை: ஸ்லைடைச் சாதாரணமாகப் படமாகச் சேமித்தால் 1280 x 720 அளவில்தான் வரும், பெரிய டிவியில் எழுத்தின் ஓரம் மங்கும். அதற்குப் பதில் `Create a Video` போய் 1080p தேர்ந்தெடுத்து வீடியோவாக எடுங்கள், ஃபான்ட் மாறிப்போகும் தொல்லையும் இருக்காது.

இரண்டு மாதம் கழித்து அந்த டிவியில் ஏதோ கோளாறு, மெக்கானிக் வந்து மொத்தமாக ரீசெட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு முகூர்த்த நாளில் அந்தப் பக்கம் சாப்பிடப் போனபோது நானாகத்தான் கவனித்தேன், பின்னணியில் இருந்த வாழையிலைப் படத்தின் நுனி நாலு பக்கமும் வெட்டுப்பட்டிருந்தது. விலை எல்லாம் முழுதாக இருந்தது, பார்சல் 10 ரூபாயும் இருந்தது. சாப்பிட்டு முடித்து, ரிமோட்டை வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.