பணம் போயிடுச்சு, கடைக்காரர் வரலைங்கிறார்

வங்கிக் கிளையில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் இந்தப் புகார் வராத வாரமே இல்லை. சமீபத்தில் வந்த ஒரு அண்ணன், 3ஆம் தேதி மருந்துக்கடையில் 1,840 ரூபாய்க்கு யுபிஐ போட்டிருக்கிறார். கணக்கில் பணம் கழிந்ததாக மெசேஜ் வந்துவிட்டது, கடையின் ஸ்பீக்கரோ வாயே திறக்கவில்லை, பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று ரொக்கமாகவும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நான் முதலில் பார்க்கச் சொன்னது ஆப்பில் அந்தப் பணம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை. 'சக்சஸ்' என்று இருந்தால் பணம் கடைக்காரர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், சிக்னல் இல்லாமல் ஸ்பீக்கர் மட்டும் பேசாமல் இருந்திருக்கும். அப்படிப்பட்ட பணம் தானாகத் திரும்பாது, எத்தனை நாள் காத்திருந்தாலும் சரி. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்கு இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் காட்டி, கடைக்காரரைத் தன் கணக்கில் தேடிப் பார்த்துத் திருப்பித் தரச் சொல்வதுதான் வழி. இரண்டாவது முறை ரொக்கம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அண்ணனுக்கு முதலில் 'பெண்டிங்', அப்புறம் 'ஃபெயில்டு'. இதுதான் தானாகத் திரும்பும் வகை. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதிப்படுத்தல் போகாத பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். கார்டைத் தேய்த்து, பணம் போய், மெஷினில் சீட்டு வராமல் போனாலும் இதே 5 நாள்தான். ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் அனுப்பி அங்கே சேராவிட்டால் மறுநாளே கெடு. எல்லாம் காலண்டர் நாள்கள், ஞாயிறு, விடுமுறை என்று கழிக்கக் கூடாது. கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் ஏற வேண்டும்.

அண்ணனுக்குக் கெடு 8ஆம் தேதி. பணம் வந்தது 11ஆம் தேதி இரவு. 9, 10, 11 என்று மூன்று நாள், ஆக 300 ரூபாய் சேர்ந்து வந்திருக்க வேண்டும். 1,840 மட்டும்தான் வந்தது. பெரும்பாலானவர்கள் அசல் வந்த நிம்மதியில் விட்டுவிடுவார்கள், இவர் விடவில்லை. யுடிஆர் எண், இரண்டு தேதிகள், கணக்கு விவரப் பக்கம் எல்லாம் வைத்து எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கினார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம். அவருக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும், பணத்தைத் தேடும் அவசரத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண் தேடி அழைக்காதீர்கள். கழிந்த பணம் திரும்பி வர உங்கள் பின் எண் ஒருபோதும் தேவையில்லை, அதைக் கேட்பவன் மிச்சமிருக்கும் பணத்துக்கு வந்தவன்.