‘திருப்பி வைக்கவும்’ என்ற ஒரு வரி: கேர் பிளானை நான்கு கட்டங்களுக்கு மாற்றும்போது

எலும்பு அறுவை சிகிச்சை வார்டில் பொறுப்பில் இருந்தபோது, இடுப்பு எலும்பு முறிந்து பாதி மூட்டு மாற்றிய 72 வயதுப் பாட்டி ஒருவரின் கேர் பிளானைப் பார்த்தேன். அறுவை முடிந்து இரண்டாம் நாள் காலை. பத்தியாக இப்படி எழுதியிருந்தது:

“நோயாளி நினைவுடன் இருக்கிறார். வலி இருப்பதாகச் சொல்கிறார். ஊசி போடப்பட்டது. முதுகின் அடியில் சிவப்பு உள்ளது. பேக் கேர் கொடுக்கப்பட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்கவும். சாப்பாடு குறைவாக எடுக்கிறார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும்.”

இனி எல்லாக் கேர் பிளானும் பிரச்சினை, இலக்கு, செயல், மதிப்பீடு என்று நான்கு கட்டங்களில்தான் இருக்க வேண்டும் என்று அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. பணியில் சேர்ந்து ஓராண்டு ஆன நர்ஸ் ஒருவர் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொண்டுவந்தார். பிரச்சினை: வலி, சிவப்பு, சாப்பாடு குறைவு. இலக்கு: வலி குறைய, புண் வராமல் இருக்க, நன்றாகச் சாப்பிட. செயல்: ஊசி, திருப்பி வைத்தல், சாப்பிடச் சொல்லுதல். மதிப்பீடு: வலி குறைந்தது, புண் வரவில்லை, சாப்பிட்டார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. எழுதிய நேரம் காலை 9 மணி. நாள் தொடங்கவே இல்லை, மதிப்பீடு முடிந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவியாக இருக்கும்போது கேர் பிளானை விடுதி அறையில் உட்கார்ந்து, கடைசிக் கட்டம் வரை ஒரே மூச்சில் எழுதித்தான் நாமெல்லாம் பழகினோம். அந்தப் பழக்கம் வார்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து அந்தத் தாளை மறுபடி எழுதினோம். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பழைய பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டோம். இது கண்டதா, செய்ததா, செய்யச் சொன்னதா, விருப்பமா? எட்டு வாக்கியங்களில் நான்கு கண்டதும் கேட்டதும். இரண்டு செய்தது. ஒன்று செய்யச் சொன்னது. ‘புண் வராமல் பார்த்துக்கொள்ளவும்’ என்பது விருப்பம். செய்ததற்கு என்ன பலன் கிடைத்தது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. ஆக, மதிப்பீட்டுக் கட்டத்துக்கு அந்தப் பத்தியிலிருந்து எடுத்துப் போட ஒன்றுமே கிடையாது. அதைக் காலியாகத்தான் விட வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனாலும் பத்தியில் இல்லாததைக் கட்டத்தில் நாமாக உண்டாக்கக் கூடாது. விடுபட்டதைத் தேடிக் கட்டிலுக்குத்தான் போக வேண்டும்.

போனோம். வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை கேட்டோம். சும்மா படுத்திருக்கும்போது 3 என்றார். திருப்பும்போது? “உயிர் போகுது தாயி, என்னை அப்படியே விட்டுடு” என்றார். எண்ணாகச் சொல்லச் சொன்னதும் 8. பத்தியில் வெறுமனே ‘வலி இருப்பதாகச் சொல்கிறார்’ என்று இருந்ததற்குள் இந்த இரண்டு எண்களும் ஒளிந்திருந்தன. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது மகள் பதில் சொன்னார்: “பெட்பேன் வைக்கத் தூக்குவீங்களேன்னு பயந்து அம்மா தண்ணியே குடிக்க மாட்டேங்குது சிஸ்டர்.”

அடுத்து அந்தச் சிவப்பு. சேக்ரம் என்கிற, முதுகுத்தண்டின் கீழே இருக்கும் எலும்பின் மேல், 3 செ.மீ.க்கு 2 செ.மீ. அளவு. விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுத்தால் ரத்த ஓட்டம் இன்னும் சரியாக இருக்கிறது என்று பொருள். இங்கே வெளுக்கவில்லை. தோல் உடையாவிட்டாலும் அது முதல் நிலை அழுத்தப் புண். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகலாம், வெளுப்பதும் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊதா நிறமாக இருந்தால் உள்தசைவரை அடிபட்டிருக்கலாம். அதை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பத்தியில் ‘புண் வராமல்’ என்று இருந்தது. புண்ணோ ஏற்கெனவே வந்துவிட்டது. அப்படியே கட்டத்துக்கு மாற்றியிருந்தால், வந்துவிட்ட புண்ணை ‘வரக்கூடும்’ என்று தாளில் பதிவு செய்திருப்போம்.

அழுத்தப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிராடன் அளவையும் போட்டுப் பார்த்தோம். உணர்வு 4, ஈரம் 3, நடமாட்டம் 1, படுக்கையில் அசைவு 2, உணவு 2, உராய்வு 1. மொத்தம் 13. இந்த அளவில் எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18, அதற்குக் கீழ் என்றாலே கவனம் தேவை.

இப்போது பிரச்சினைக் கட்டம். ‘இடுப்பு எலும்பு முறிவு’ என்று இங்கே எழுதக் கூடாது. அது டாக்டரின் நோய்க்கணிப்பு. நர்ஸ் கையில் மாற்றக்கூடியது அல்ல. ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. பிரச்சினை, காரணம், அடையாளம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். நாங்கள் எழுதியது: “சேக்ரம் பகுதியில் முதல் நிலை அழுத்தப் புண், அசைத்தால் வரும் வலிக்குப் பயந்து திரும்ப மறுத்து மல்லாந்தே கிடப்பதால், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு 3 x 2 செ.மீ., அசைக்கும்போது வலி 8, பிராடன் 13.”

நடுவில் உள்ள அந்தக் காரணம்தான் எனக்கு முக்கியம். முதல் தாளில் வலி ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, சாப்பாடு ஒரு வரிசை என்று தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பாட்டியின் உடம்பில் மூன்றுக்கும் வேர் ஒன்று. வலியால் திரும்பவில்லை, அதனால் புண். வலிக்குப் பயந்து பெட்பேன் வேண்டாம் என்கிறார், அதனால் சாப்பாடும் தண்ணீரும் குறைகிறது. பத்தியாக எழுதும்போது இந்தத் தொடர்பு அரைகுறையாகவாவது பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கட்டம் போட்டதும் கோடுகள் அதை அறுத்துவிடும். ‘காரணம்’ என்று ஒரு சொற்றொடரைப் பிரச்சினைக் கட்டத்தில் வலிய எழுதினால்தான் அந்தத் தொடர்பு பிழைக்கும்.

இலக்கை எழுதும்போது வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். ‘2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புதல்’ என்றால் எழுவாய் நர்ஸ், அது செயல். நோயாளியிடமோ அவர் தோலிலோ என்ன தெரிய வேண்டும், எப்போதுக்குள் என்பதுதான் இலக்கு. இரண்டு எழுதினோம். ஒன்று: “இன்று மாலை 6 மணிக்குள், திருப்பும்போது வலி 4 அல்லது அதற்குக் கீழ் என்று சொல்வார்.” இரண்டு: “48 மணி நேரத்தில் சிவப்பு அழுத்தினால் வெளுக்கும், தோல் உடையாது.” ஒரே நாளில் சிவப்பு மறைய வேண்டும் என்று எழுதுவது நடக்காத கதை. எட்ட முடியாத இலக்கை எழுதினால், அடுத்த டூட்டியில் இருப்பவர் பொய்யாக ‘எட்டப்பட்டது’ என்று எழுதத்தான் வழி செய்வோம்.

செயல் கட்டத்தில் இரவு டூட்டிக்கு வருபவர் படித்த உடனே செய்யும்படி இருக்க வேண்டும். டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வலி மருந்து எழுதியிருந்தார். ஸ்பாஞ்ச் பாத், விரிப்பு மாற்றுவது, உடற்பயிற்சி போன்ற பெரிய அசைவுகளை எல்லாம் மருந்து ஏறி அரை மணி நேரம் கழித்து வைத்தோம். இடையில் வரும் 2 மணி நேரத் திருப்பலுக்கு 30 பாகை சாய்த்தால் போதும். தலையணையை முதுகுக்கும் பிட்டத்துக்கும் அண்டைக் கொடுத்து, சேக்ரம் மெத்தையில் படாமல் பார்ப்பது. முழுக்கப் புரட்டுவதைவிட இதில் வலி குறைவு. இரண்டு பேர் சேர்ந்து, டிரா ஷீட்டோடு தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கால்களுக்கு நடுவே தலையணை, அறுவை செய்த கால் நடுக்கோட்டைத் தாண்டாமல். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் தொங்க வேண்டும். சாப்பிடும் நேரம் தவிரத் தலைமாடு 30 பாகைக்கு மேல் வேண்டாம். ஏற்றினால் உடம்பு கீழே சறுக்கித் தோல் உராயும். அறுவை செய்த பக்கமாகச் சாய்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் நேரத்தோடு எழுதினோம்.

‘பேக் கேர்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டேன். பவுடர் போட்டுத் தேய்ப்பது என்று நம்மில் பலர் அதைப் புரிந்துவைத்திருக்கிறோம். சிவந்த இடத்தைத் தேய்த்தால் அடியில் இருக்கும் நுண் ரத்தக் குழாய்கள் மேலும் சேதமாகும். அதனால் “சுத்தம் செய்து ஒற்றித் துடைக்கவும், சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், காற்று வளையம் வைக்க வேண்டாம்” என்று விரித்து எழுதினோம். மகளுக்கும் அதைக் காட்டிச் சொன்னோம், ஏனென்றால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

சாப்பாட்டுக்கு இரண்டாவது வரிசை, சுருக்கமாக. பெட்பேன் வைக்கும் நேரத்தையும் மருந்தோடு சேர்த்தது, தண்ணீர் அளவைக் குறித்தது, அவ்வளவுதான். பத்து வரிசை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மதிப்பீட்டுக் கட்டத்தில் தேதியும் நேரமும் மட்டும் எழுதிக் காலியாக விட்டோம். மாலை 6 மணிக்குப் பார்த்தபோது திருப்பும்போது வலி 5. “திருப்பி வைக்கப்பட்டது” என்று இங்கே எழுதுவதுதான் வழக்கமான பிழை. அது நாம் செய்த வேலை, அதன் பலன் அல்ல. எழுதியது: “வலி 8லிருந்து 5. இலக்கு பாதி எட்டியது. டாக்டருக்குச் சொல்லப்பட்டது, இரவு மருந்து மாற்றப்பட்டது. காலை 8 மணிக்கு மறுபடி பார்க்கவும்.” மறுநாள் காலை 4. நாற்பத்தெட்டாவது மணி நேரத்தில் சிவப்பு 2 x 1 செ.மீ., அழுத்தினால் வெளுத்தது, தோல் உடையவில்லை. இலக்கு எட்டியது. ஆனால் பிராடன் இன்னும் 14தான். அதனால் அந்த வரிசையை மூடிவிட்டு, ‘அழுத்தப் புண் மறுபடி வரும் ஆபத்து’ என்று புது வரிசை திறந்தோம், அதே சாய்ப்பு முறைகளோடு.

எழுதி முடித்ததும் வரிசையை இடமிருந்து வலமாக ஒரே வாக்கியம் போல வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். செயல் அந்தக் காரணத்தைத் தொடுகிறதா, மதிப்பீடு அந்த இலக்கின் அதே அளவையைத்தான் சொல்கிறதா என்று அப்போது காதிலேயே தெரிந்துவிடும். இலக்கு வலி எண்ணைச் சொல்லி, மதிப்பீடு ‘நன்றாக இருக்கிறார்’ என்றால் அங்கே வரிசை அறுந்திருக்கிறது.

பழைய பத்தி எழுதிய தாளைக் கிழிக்கவோ அதன் மேல் வெள்ளை பூசவோ வேண்டாம். அது கேஸ் ஷீட்டின் ஒரு பகுதி. புதுத் தாளில் மாற்றிய தேதி, நேரம், கையெழுத்து, ‘முந்தைய பதிவைப் பார்க்கவும்’ என்ற குறிப்பு இருக்கட்டும். பழைய நேரத்தைப் போட்டு எழுதக் கூடாது. அன்று அந்த நர்ஸ் முதலில் எழுதிய, மதிப்பீடு முன்கூட்டியே நிரம்பிய தாளின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்திட்டு, நேரம் எழுதி, கேஸ் ஷீட்டிலேயே வைத்தோம்.