வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் கடிதத்தில் புது நிபந்தனை எழுதாதீர்கள்

பணிவிடுவிப்புக் கடிதம் பற்றிய தகராறு இன்னொன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. பழைய கதைதான். ஊழியர் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார், அவரைத் தடுக்க வேண்டும் என்கிறது பழைய நிறுவனம். "தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம், அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்றார் ஹெச்.ஆர். மேலாளர். எங்கே என்று கேட்டால், கடைசி நாளன்று கொடுத்த கடிதத்தைக் காட்டுகிறார். வேலையில் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான். 9-வது பிரிவு: நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை வேலையை விட்ட பிறகும் வெளியிடக் கூடாது. 11-வது பிரிவு: கடைசி 12 மாதங்களில் தான் நேரடியாகக் கவனித்த வாடிக்கையாளர்களை, வேலையை விட்ட 6 மாதங்களுக்குத் தொழிலுக்காக அணுகக் கூடாது. விற்பனைப் பிரிவில் இருந்தவருக்குப் பொருத்தமான, அளவான நிபந்தனைகள். ஆனால் பணிவிடுவிப்புக் கடிதம் என்ன சொல்கிறது? "2 ஆண்டுகளுக்கு இதே துறையில் உள்ள எந்த நிறுவனத்திலும் சேர மாட்டீர்கள் என்பதை நினைவூட்டுகிறோம்." இல்லாத ஒன்றை எப்படி நினைவூட்டுவது?

பலர் பிடிவாதமாக நம்பும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நினைவூட்டல் கடிதம் ஏற்கெனவே உள்ள கடமையைச் சுட்டிக்காட்டலாம், புதுக் கடமையை உருவாக்க முடியாது. ஒருவர் புதிதாக ஒரு கட்டுப்பாட்டை ஏற்க வேண்டுமானால் அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். பல நாடுகளின் சட்டப்படி பதிலுக்கு அவருக்கு ஏதாவது கிடைக்கவும் வேண்டும். கடைசி மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும் அந்தப் "பதில்" ஆகாது. அவை ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தவை, அவருடைய பணம். "பெற்றுக்கொண்டேன்" என்று கடிதத்தின் அடியில் போட்ட கையெழுத்தும் சம்மதம் ஆகாது, கடிதம் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அந்தக் கையெழுத்தை வாங்குவதற்காகச் சம்பளப் பாக்கியையோ அனுபவச் சான்றிதழையோ பிடித்து வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டாயப்படுத்தி வாங்கியது என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள்.

ஒப்பந்தத்தில் போட்டித் தடை இருந்தாலும், அது அந்த இடத்துச் சட்டப்படி செல்லுமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் தடை வேறு. ஜெர்மனியில் செல்லும், ஆனால் தடைக்காலம் முழுவதும் பழைய ஊதியத்தில் பாதியாவது கொடுக்க ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், 2 ஆண்டுகளைத் தாண்டவும் கூடாது. கலிஃபோர்னியாவில் தடையே செல்லாது. 2024 தொடக்கத்திலிருந்து, செல்லாத தடையை அமல்படுத்த முயல்வதே சட்டமீறல். அங்கே வேலை பார்த்தவருக்கு, வேறெங்கோ பயன்படுத்திய மாதிரிக் கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், நினைவூட்டலே உங்கள் மேல் வழக்காகத் திரும்பும். தயவுசெய்து, அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். அந்த ஊழியர் புது நிறுவனத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே, தான் முன்பு கவனித்த வாடிக்கையாளர்கள் மூவருக்குப் புது விலைப்பட்டியலோடு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 11-வது பிரிவை வைத்து உடனே கேள்வி கேட்டிருக்கலாம். நிறுவனமோ, 2 ஆண்டுத் தடையை மீறினார் என்று நோட்டீஸ் அனுப்பியது. அவருடைய வக்கீல் ஒரே பக்கத்தில் பதில் எழுதினார்: அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. அதற்குள் கையிலிருந்த நல்ல புகாருக்கான நேரமும் நம்பகத்தன்மையும் கரைந்துவிட்டன.

இன்னொரு வரி அதைவிட ஆபத்து. கணக்கு முடித்த கடிதத்தில் "இதற்கு முந்தைய எல்லா ஒப்பந்தங்களும் இத்துடன் முடிவுக்கு வருகின்றன" என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்த மாதிரி. ரகசியக் காப்புப் பிரிவும் அந்த முந்தைய ஒப்பந்தத்தில்தானே இருக்கிறது! ஒரு பக்கம் நினைவூட்டுகிறார்கள், மறுபக்கம் தாங்களே அழிக்கிறார்கள். அந்த வரி இருந்தே தீர வேண்டுமானால், "9 மற்றும் 11-வது பிரிவுகள் நீங்கலாக" என்று சேருங்கள்.

எப்படி எழுதுவது? ஒப்பந்தத்தின் தேதி, பிரிவு எண், அந்தப் பிரிவின் வாசகம் அப்படியே. உங்கள் சொந்த நடையில் சுருக்கினால் அர்த்தம் மாறிவிடும். உதாரணமாக:

"உங்கள் பணி ஒப்பந்தத்தின் 9 மற்றும் 11-வது பிரிவுகள் வேலை முடிந்த பிறகும் தொடர்கின்றன. அவற்றின் வாசகத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். 11-வது பிரிவின் கட்டுப்பாடு உங்கள் கடைசிப் பணிநாளிலிருந்து 6 மாதங்களில் முடிவடையும். இந்தக் கடிதம் புதிய நிபந்தனை எதையும் சேர்க்கவில்லை."

கடைசி வாக்கியத்தைப் பார்த்து நிர்வாகிகள் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். நேர்மையாக எழுதிய நிறுவனம் என்று நீதிபதிக்குக் காட்டுவது அந்த வரிதான்.

ரகசியத் தகவல் எது என்பதையும் வகைப்படுத்திச் சொல்லுங்கள்: தள்ளுபடி விகிதங்கள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் தேதிகள், இன்னும் வெளிவராத தயாரிப்பின் வடிவமைப்பு. "நிறுவனம் சம்பந்தப்பட்ட அனைத்தும்" என்று எழுதினால் எதுவுமே பாதுகாக்கப்படாது. வகையை மட்டும் எழுதுங்கள், எண்களை அல்ல. உண்மையான தள்ளுபடி விகிதங்களையே கடிதத்தில் அச்சடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் அவர் கற்ற தொழில்திறமை அவருடையது, அதைக் கேட்காதீர்கள். சட்டமீறலை அரசு அதிகாரிகளிடம் புகார் செய்யும் உரிமையைப் பறிப்பது போலவும் எழுதக் கூடாது.

அப்புறம், இந்தக் கடிதத்தைக் கடைசி நாள் மாலை அவசரமாகத் தராதீர்கள். சில நாள் முன்பே கொடுத்து, உட்கார்ந்து பேசுங்கள். மடிக்கணினியை வாங்கி வைத்தால் போதாது. சொந்த மின்னஞ்சலுக்கும் தனிப்பட்ட கிளவுட் கணக்குக்கும் போன கோப்புகள் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் முதலில் திருப்பித் தரச் சொல்லுங்கள், பிறகுதான் அழிப்பு. பதறிப்போய் அவராக அழித்துவிட்டால், என்ன இருந்தது என்பதே தெரியாமல் போகும். அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே புதுத் தடை தேவை என்று தோன்றினால், அது தனி ஒப்பந்தம். அந்த இடத்துச் சட்டம் அதை அனுமதிக்க வேண்டும், நீங்கள் கூடுதலாகப் பணம் தர வேண்டும், அவருக்கு யோசிக்கவும் வக்கீலிடம் காட்டவும் நேரம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று. இப்படி ஒரு கடிதம் வந்தால் பயந்துபோய் கையெழுத்துப் போடாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். "இது என் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்குக் கையெழுத்துக் கேட்டால், "பெற்றுக்கொண்டேன், புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். பழைய ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால், அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படுவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.