அந்தக் கோடு எஸ்.டி.யா, எஸ்.இ.யா?

ஈரோட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மாணவி ஒருவர், கட்டுரையை அனுப்பும் முன் பார்த்துத் தரச் சொல்லி ஒரு படம் கொண்டு வந்தார். இரண்டு உரமுறைகளில் விளைந்த மஞ்சளில், அதற்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு என்பதுதான் விஷயம். பழைய முறையில் சராசரி 3.2 சதவீதம், புதியதில் 3.7. இரண்டு பட்டைகளின் தலையிலும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எரர் பார் என்ற கோடு சின்னதாக, ஒன்றையொன்று தொடவில்லை.

"இந்தக் கோடு என்னம்மா?"

"எஸ்.இ. போட்டேனுங்க சார். எஸ்.டி. போட்டா ரொம்பப் பெருசா வருதுங்க."

இப்படி நேர்மையாகச் சொல்பவர்கள் குறைவு.

திட்ட விலக்கம், அதாவது எஸ்.டி., செடிக்குச் செடி குர்குமின் எவ்வளவு மாறுகிறது என்று காட்டுகிறது. அது மஞ்சளின் குணம். நூறு செடி அளந்தாலும் பெரிதாகக் குறையாது. திட்டப் பிழை, அதாவது எஸ்.இ., நாம் கண்ட சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது. எஸ்.டி.யை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் எஸ்.இ. அதனால் மாதிரி கூடக் கூடச் சுருங்கும்.

அவர் கணக்கில் இரு முறைக்குமே எஸ்.டி. 0.6, எண்ணிக்கை 9. ஆகவே எஸ்.இ. 0.2. கோடுகள் 3.4-இலும் 3.5-இலும் நின்றுவிடுகின்றன, நடுவே இடைவெளி. பார்ப்பவர் 'வித்தியாசம் உறுதி' என்று நினைத்துக்கொள்வார். ஆனால் இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டால் பி-மதிப்பு ஏறக்குறைய 0.1 வருகிறது, வழக்கமாகக் கேட்கும் 0.05-க்குக் கீழே இறங்கவில்லை. எஸ்.இ. கோடுகள் தொடாமல் நின்றால் மட்டும் போதாது. எஸ்.டி. கோடுகளோ நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படியும். அதை வைத்து வித்தியாசம் இல்லை என்று சொல்வதும் தப்பு, அது காட்டுவது வேறு விஷயம்.

சரி, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முறைக்கு மூன்று செடி. ஒவ்வொன்றின் கிழங்கையும் வேகவைத்து, காயவைத்து, அரைத்து, ஆல்கஹாலில் சாறு எடுத்து, அதே சாறு 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மும்மூன்று தடவை அளந்திருக்கிறார். ஒரே குப்பியை மூன்று முறை அளந்தால் கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்றுதான் தெரியும். புதுச் செடி கிடைத்துவிடாது. உண்மையான எண்ணிக்கை 3. முதலில் செடிவாரியாகச் சராசரி எடுத்து, அந்த மூன்று எண்களில்தான் எஸ்.டி. காண வேண்டும். கண்டோம், அதுவும் கிட்டத்தட்ட 0.6. எஸ்.இ. 0.35 ஆனது. இடைவெளி போயிற்று.

எக்செல் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. எரர் பார் பட்டியலில் உள்ள ஆயத்த 'Standard Error' படத்தில் உள்ள சராசரிகளை வைத்தே கணக்கிடுகிறது, உங்கள் மூல அளவுகளை அதற்குத் தெரியாது. எல்லாப் பட்டையிலும் கோடு ஒரே நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தனியாகக் கணக்கிட்டு 'Custom'-இல் கொடுங்கள்.

மாணவி கடைசியில் பட்டையை எடுத்துவிட்டு, முறைக்கு மூன்று புள்ளிகளை அப்படியே வைத்தார். கீழே எழுதியது: 'புள்ளி ஒவ்வொன்றும் ஒரு செடி, மூன்று அளவுகளின் சராசரி, கோடு எஸ்.டி.; n = 3.'